வெள்ளித் தட்டெல்லாம் அசலுமில்லை, ஊதாத் தட்டெல்லாம் குப்பையுமில்லை

பழைய சீடி, டிவிடி சேர்க்கிறவர்களிடம் ஒரு அவசரத் தீர்ப்பு முறை இருக்கு. தட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். வெள்ளியாய் மின்னினால் 'ஒரிஜினல்'. ஊதாவோ பச்சையோ தெரிந்தால் 'கள்ளக் கொப்பி'. ஒரிஜினலை அலுமாரியில் வைப்பார்கள், மற்றதைப் பெட்டியோடு வெளியே தள்ளுவார்கள். இணையத்தில் வாங்குகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். 'நடு வளையத்தைப் படம் எடுத்து அனுப்புங்கோ' எண்டு கேட்பார்கள். படம் வந்ததும் 'இது எழுதின தட்டு, காசு பெறாது' எண்டு முடித்துவிடுவார்கள்.

இந்தத் தீர்ப்பு வன்னியில் பொருந்தாது எண்டதுதான் எங்கட வாதம். வளையத்தைப் பார்ப்பது பிழை எண்டு நாங்கள் சொல்லவில்லை. அதை அவர்கள் போதிய அளவு பார்க்கவில்லை எண்டுதான் சொல்கிறோம். ஒரு தட்டு எப்படிச் செய்யப்பட்டது எண்டு நடு வளையம் சொல்லும். அதைச் செய்தவருக்கு உரிமை இருந்ததா எண்டு அது சொல்லாது. அதற்குள் இருப்பது உலகத்தில் வேறெங்காவது இருக்கா எண்டும் சொல்லாது. இந்த மூன்று கேள்வியையும் ஒன்றாய்க் குழைத்து ஒரே பதில் சொல்கிறவர்கள், எறியக் கூடாததை எறிகிறார்கள்.

வன்னியில் ஏன் எழுதின தட்டுகளே கூட எண்டு முதலில் பார்ப்போம். 1990க்குப் பிறகு இங்கே மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையில் பற்றரியும் வரவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட காலம் அது. அப்போது பாட்டு எண்டால் கசற்தான். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு வந்தது, ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. பிறகுதான் சீடி டெக்கும், கணினியும், வெற்றுத் தட்டும் தாராளமாய் உள்ளே வந்தன. 2006 ஓகஸ்ட்டில் பாதை திரும்பப் பூட்டப்பட்டது. 2009 வரை நடந்ததை நாங்கள் இங்கே சொல்லத் தேவையில்லை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு சந்திக்குச் சந்தி வீடியோ கடைகள் திரும்ப முளைத்தன. ஆக, வன்னியின் இறுவட்டுக் காலம் எண்டது ஏ9 திறந்திருந்த அந்த நாலு சொச்ச வருசமும், மீள்குடியேற்றத்தில் இருந்து ஸ்மார்ட்போன் வரும் வரையான சில வருசமும்தான். இரண்டு காலத்திலயும் கொழும்பிலோ சென்னையிலோ இருந்த கம்பனிகளின் தட்டை வாங்க இங்கே ஒழுங்கான கடை இருக்கவில்லை. படம், பாட்டு, கலியாண வீடியோ, கோயில் பாட்டு எல்லாமே ஒரே கடையில், ஒரே கணினியில், ஒரே வகை வெற்றுத் தட்டில்தான் எழுதப்பட்டன. வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து அவற்றைப் பிரிக்க முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

அப்படியெண்டால் எப்படிப் பிரிக்கிறது? தொழிற்சாலைத் தட்டு அச்சில் வார்க்கப்படுவது. முதலில் ஒரு கண்ணாடி மாஸ்டர் செய்து, அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, உருகிய பிளாஸ்ரிக்கை அழுத்தி, மேலே அலுமினியம் பூசுவார்கள். தரவு அந்தப் பிளாஸ்ரிக்கிலேயே குழிகளாய்ப் பதிந்திருக்கும். எழுதின தட்டில் குழி இல்லை. அதில் ஒரு சாயப் படலம் இருக்கு. லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுத் தடயம் போடும். ஊதா, பச்சை, நீலம் எல்லாம் அந்தச் சாயத்தின் நிறங்கள்தான். டிவிடி பெரும்பாலும் ஊதா. சீடி நீலமாகவோ பச்சையாகவோ இருக்கும். சில சீடிகளின் சாயம் மிக மெல்லிசு, கிட்டத்தட்ட வெள்ளியாகவே தெரியும். கண்ணை ஏமாற்றுவது அந்த வகைதான். வெள்ளைக் கடதாசிக்குப் பக்கத்தில் சரித்துப் பிடித்தால் மெல்லிய பச்சையோ பொன்னிறமோ தெரியவரும். எழுதின இடம் ஒரு நிறம், எழுதாத இடம் இன்னொரு நிறம் எண்டு வட்டமாய் ஒரு எல்லைக் கோடும் தெரியலாம்.

அடுத்தது நடு வளையம். துளையைச் சுற்றிப் பிளாஸ்ரிக் பகுதி ஒன்றும், அதற்கு வெளியே தரவு தொடங்க முதல் கண்ணாடிபோல ஒரு பட்டையும் இருக்கும். தொழிற்சாலைத் தட்டில் அந்தப் பட்டையில் ஒரு தயாரிப்பு இலக்கம் பொறித்திருக்கும். 1994இல் இருந்து சர்வதேச ஒலித்தட்டுத் துறையின் அமைப்பும் பிலிப்ஸ் கம்பனியும் சேர்ந்து ஒரு அடையாளக் குறி முறையைக் கொண்டுவந்தன. அதன்படி 'ஐ.எஃப்.பி.ஐ.' எண்ட நாலு ஆங்கில எழுத்தோடு ஒரு குறி இரண்டு இடத்தில் வரும். பட்டையில் இருப்பது 'எல்' எழுத்தில் தொடங்கும், மாஸ்டர் செய்த இடத்தைச் சொல்லும். உள் பிளாஸ்ரிக்கில் இருப்பது எந்தத் தொழிற்சாலை அச்சில் வார்த்தது எண்டு சொல்லும். எழுத்து ஒரு மில்லிமீற்றர் அளவுதான். ரோச் லைற்றைப் பக்கவாட்டில் அடித்துப் பூதக்கண்ணாடியால் பார்க்கவேணும்.

'குறி இருந்தால் அசல்' எண்டு இங்கேயும் அவசரப்படக் கூடாது. 1994க்கு முந்திய அசல் தட்டில் குறி இருக்காது. வெற்றுத் தட்டுச் செய்கிற தொழிற்சாலை சிலவும் உள் வளையத்தில் இதே குறியைப் போடும். குறி ஒரு சாட்சி, அவ்வளவுதான். அதை மற்றச் சாட்சிகளோடு சேர்த்துத்தான் கேட்கவேணும். ஒரே பெட்டியில் கிடந்த மூன்று தட்டை வைத்து அதைச் செய்து காட்டுகிறோம்.

முதலாவது, வெள்ளி டிவிடி. உறையில் நாலு தமிழ்ப் படங்களின் போஸ்ரர், மினுமினுப்புக் கடதாசி. தட்டின் மேற்பக்கம் வர்ண அச்சு. அவசரத் தீர்ப்பில் இது அசல். வளையத்தைப் பார்த்தோம். தயாரிப்பு இலக்கம் இருந்தது. ஆனால் குறி வரவேண்டிய இடத்தில் தேய்த்துவிட்ட மாதிரி ஒரு மங்கல், உள் பிளாஸ்ரிக்கில் ஒன்றுமே இல்லை. உறையில் வெளியீட்டாளர் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை.

இனிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு அடுக்கு டிவிடியில் 470 கோடி பைற் பிடிக்கும். இரண்டரை மணித்தியாலப் படம் ஒன்றை மட்டும் அதில் வைத்தால் செக்கனுக்கு ஏறக்குறைய 42 லட்சம் பிற் அந்தப் படத்துக்குக் கிடைக்கும். நாலு படம், பத்து மணித்தியாலம் எண்டால் 10 லட்சம்தான். நாலில் ஒரு பங்கு. அதனால்தான் சண்டைக் காட்சி வந்தவுடன் படம் சதுரம் சதுரமாய் உடைகிறது. காசு குடுத்து உரிமை வாங்கின கம்பனி தன் படத்தை இப்படி நசுக்காது. ஆக, இது தொழிற்சாலையிலேயே வார்த்த கள்ளத் தட்டு. தொழிற்சாலைக் கள்ளத் தட்டு எண்டது கட்டுக்கதை இல்லை. 2000 அளவில் மலேசியா இதற்குப் பேர்போன இடம். அந்த வருசமே அங்கே ஒளித்தட்டுத் தொழிற்சாலைகளுக்கு எண்டு தனிச் சட்டம் கொண்டுவரவேண்டி வந்தது. வெள்ளி நிறம் முதல் போட்டவரின் பலத்தைக் காட்டும், உரிமையைக் காட்டாது.

இரண்டாவது, பச்சை அடிக்கிற சீடி. மேலே ஸ்ரிக்கர் ஒட்டி, ஒரு அம்மன் கோயில் பாட்டுகள் எண்டு எழுதியிருக்கு. உறை இங்க்ஜெட்டில் அடித்தது, நிறம் கரைந்துபோயிருக்கு. அவசரத் தீர்ப்பில் இது கள்ளக் கொப்பி. ஆனால் உறையைத் திறந்து வாசித்தால் பாட்டு எழுதினவர், பாடினவர், வாத்தியம் வாசித்தவர்கள், ஒலிப்பதிவு செய்தவர், திருவிழா வருசம் எல்லாம் இருக்கு. கள்ளக் கொப்பி அடிக்கிறவன் தவில்காரரின் பெயரைப் போட மினக்கெடமாட்டான். இது ஊரவர்கள் சேர்ந்து செய்த வெளியீடு.

ஏன் அவர்கள் தொழிற்சாலைக்குப் போகவில்லை? கண்ணாடி மாஸ்டருக்கும் அச்சுக்கும் ஒருமுறை செலவு இருக்கு. அதனால் ஐந்நூறு, ஆயிரம் தட்டுக்குக் குறைய எடுக்கமாட்டார்கள். திருவிழாவில் நூறு தட்டு விற்க நினைக்கிற ஊருக்குக் கணினியில் எழுதுவதுதான் வழி. இந்தத் தட்டுக்கு இதைவிட 'ஒரிஜினலாய்' ஒரு பிரதி எங்கேயும் இல்லை. பச்சை நிறம்தான் இதன் அசல் நிறம்.

மூன்றாவது, ஊதா டிவிடி. உறை இல்லை. மேலே மார்க்கர் பேனையால் ஒரு பெண்பிள்ளையின் பெயர், 'சா.வீடு', 2005. சாமத்திய வீட்டு வீடியோ. படம் எடுத்த கடைக்காரர் எழுதிக் குடுத்த தட்டு. வளையத்தில் வெற்றுத் தட்டின் தொகுதி இலக்கம் மட்டும் இருக்கு. தமிழ்ப் படத்தின் கள்ளக் கொப்பிக்கும் இதற்கும் வெளியே எந்த வித்தியாசமும் இல்லை. உள்ளே இருப்பது ஒரு முற்றம், ஒரு பந்தல், அதில் வந்து நிற்கிற நூறு பேர். 2009இல் ஆல்பமும் வீடும் போன குடும்பங்களுக்கு, அந்த நூறு பேரில் சிலர் கடைசியாய் அசைகிற படம் இதுவாக இருக்கலாம். கனடாவில் இருக்கிற மாமாவுக்கு அப்போது தபாலில் அனுப்பின ஒரு தட்டு மட்டும் தப்பியிருக்கலாம். அவர் வீடு மாறும்போது பெட்டியைத் திறந்து, 'எல்லாம் பழைய கள்ள டிவிடி' எண்டு குப்பையில் போட இரண்டு செக்கன் போதும்.

இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. அவசரத் தீர்ப்பு எதைக் காப்பாற்றியது? நாலு படத்தை நசுக்கின தட்டை. அந்த நாலு படமும் எப்போதும் எங்காவது கிடைக்கும். எதை எறிந்தது? வேறெங்கும் கிடைக்காத இரண்டை.

இன்னொரு பக்கமும் இருக்கு. பழைய தட்டுக்கு மதிப்பு வந்தவுடன், பழசு மாதிரிச் செய்து விற்கிறவர்களும் வந்துவிடுவார்கள். எங்கட மண்ணின் பாட்டுகள் எண்டு சொல்லிப் புலம்பெயர்ந்தவர்களின் ஏக்கத்தைக் காசாக்குகிறவர்களோடு எங்களுக்கு எந்த இரக்கமும் இல்லை. அவர்களைப் பிடிக்க வளையமும் அச்சும் நன்றாய் உதவும். உறையில் '2002 முதல் வெளியீடு' எண்டு இருக்கு, ஆனால் தட்டு 16 எக்ஸ் வேக டிவிடி எண்டால், அது பொய். 2002இல் அந்த வேக வெற்றுத் தட்டு உலகத்திலேயே இல்லை. தட்டின் வேகமும் தயாரித்த கம்பனியும் மேலே அச்சிடப்படாவிட்டாலும் உள்ளே எழுதியிருக்கும். லினக்ஸ் உள்ள கணினியில் டிவிடிக்கு இப்படிக் கேட்கலாம்:

```
dvd+rw-mediainfo /dev/sr0
```

விடையில் `DVD-ROM` எண்டு வந்தால் வார்த்த தட்டு. `DVD-R` அல்லது `DVD+R` எண்டு வந்தால் எழுதினது, `Media ID` எண்ட வரியில் வெற்றுத் தட்டுச் செய்தவரின் அடையாளமும் வரும். சில எழுதிகள் `DVD+R` தட்டைத் தொழிற்சாலைத் தட்டு மாதிரிக் காட்டும்படி எழுதக்கூடியவை. ஆகவே இதையும் நிறத்தோடு சேர்த்துத்தான் பார்க்கவேணும்.

உறையின் அச்சைப் பார்க்கப் பூதக்கண்ணாடியோ, கிட்டப் படம் எடுக்கிற போனோ போதும். படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தில் இருக்கிற மிகச் சிறிய கறுப்பு எழுத்தைப் பாருங்கோ. முதல் அச்சில் அந்த எழுத்து ஒரே கறுப்பு மையால் விளிம்பு கூராய் இருக்கும். அந்த உறையை ஸ்கான் பண்ணித் திரும்ப அடித்தால், அதே எழுத்து சிவப்பு, நீல, மஞ்சள் புள்ளிகளாய்ச் சிதறும், விளிம்பு பிசிறும். முகங்களில் மெல்லிய அலைக்கோலமும் விழும். முதல் அச்சின் புள்ளிகள்மேல் இரண்டாம் அச்சின் புள்ளிகள் விழுவதால் வருவது அது. இணையத்தில் வாங்குகிறவர் முன் அட்டைப் படத்தைப் பார்த்து மயங்காமல், பின் அட்டையின் சிறிய எழுத்து, சரிந்த வெளிச்சத்தில் நடு வளையம், வெள்ளைக் கடதாசிப் பக்கத்தில் பின்பக்கம் எண்டு மூன்று படம் கேட்கவேணும். விற்கிறவர் முன் அட்டையை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பினால் விட்டுவிடுங்கோ.

'அப்ப நீங்கள் கள்ளக் கொப்பிக்கு வக்காலத்து வாங்குறீங்களா?' எண்டு கேட்பார்கள். இல்லை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் இருக்கு, அதற்கு மேலாக நியாயம் எண்டும் ஒன்று இருக்கு. உள்ளூர்க் கலைஞர் நூறு தட்டு எழுதி விற்கப் பார்க்கும்போது, பக்கத்துக் கடை அதில் ஒன்றை வாங்கி முந்நூறாய் அடித்து விற்றால் அது களவு. சென்னைக் கம்பனியிடம் எடுப்பதைவிடக் கேவலமான களவு. பணத்தோடு பெயரும் போகிறது எண்டது இன்னும் மோசம். கொப்பி உறையில் நாயகனின் முகம் பெரிசாய் இருக்கும், பாட்டு எழுதினவரின் பெயர் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். பத்து வருசம் கழித்து அந்தப் பாட்டு 'யாரோ பாடினது' ஆகிவிடும். கள்ள உறை செய்த நிரந்தரமான கேடு அதுதான். ஆனால் அந்தக் களவைக் கண்டிப்பதற்கும், நிறத்தைப் பார்த்து ஒரு பெட்டியை எறிவதற்கும் சம்பந்தம் இல்லை. எறிகிறவர் கள்ளனைத் தண்டிக்கவில்லை, பெயர்களைத் தேடக்கூடிய கடைசித் தடயத்தைத்தான் அழிக்கிறார்.

இதில் அவசரம் எங்கே எண்டால், சாயத்தில். வார்த்த தட்டின் குழிகள் அழியாது, அலுமினியம் கெடும் வரை அது தாங்கும். சாயம் வெயிலுக்கும் சூட்டுக்கும் வெளிறும். தகரக் கூரைக்குக் கீழே, யன்னலோரத்தில் இருந்த தட்டு எப்படி இருக்கும் எண்டு யோசித்துப் பாருங்கோ. கெடுவது பெரும்பாலும் வெளி விளிம்பில் தொடங்கும். தட்டு உள்ளிருந்து வெளியே வாசிக்கப்படுவதால், நிறைய எழுதின தட்டில் முதல் பகுதி நன்றாய் ஓடும், கடைசிப் பகுதி உறையும். 'போட்டுப் பார்த்தேன், வேலை செய்யுது' எண்டு முதல் ஐந்து நிமிசத்தோடு நிறுத்துகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். முடிவுக்கு ஓட்டிப் பாருங்கோ. டிரைவ் வேகம் குறைந்து, திரும்பத் திரும்பத் தேடுகிற சத்தம் வந்தால் அந்தத் தட்டுக்கு நாள் குறைவு.

ஆகவே வளையத்தை வாசிக்கிற வித்தையைத் தலைகீழாய்ப் பயன்படுத்தச் சொல்கிறோம். எது எழுதினது எண்டு கண்டுபிடியுங்கோ, எறிவதற்கு இல்லை, முதலில் கொப்பி எடுப்பதற்கு. டிவிடிக்கும் தரவுத் தட்டுக்கும் இது போதும்:

```
ddrescue -n -b 2048 /dev/sr0 thattu.iso thattu.map
ddrescue -d -r3 -b 2048 /dev/sr0 thattu.iso thattu.map
```

முதல் வரி வாசிக்க முடிந்ததை எல்லாம் வேகமாய் எடுக்கும். இரண்டாவது வரி விட்டுப்போன இடத்தை மட்டும் மூன்று தரம் முயற்சிக்கும். இடையில் நிறுத்தி, இன்னொரு டிரைவில் அதே தட்டைப் போட்டும் தொடரலாம். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று வாசிப்பது உண்டு. பாட்டுச் சீடியும் வீசீடியும் வேறு வகையில் எழுதப்பட்டவை, இந்த வழி அவற்றுக்குச் சரிவராது. பாட்டுக்கு `cdparanoia`, வீசீடிக்கு `vcdxrip` இருக்கு.

கையாளும்போது ஒன்றை மறக்கவேண்டாம். சீடியில் தரவுப் படலம் இருப்பது மேல்பக்கத்து அச்சுக்குக் கீழே, மெல்லிய பூச்சு ஒன்றுக்குள்தான். பழைய ஸ்ரிக்கரை உரித்தால் படலமும் சேர்ந்து உரியும். கோயில் பாட்டுச் சீடியின் ஸ்ரிக்கர் அசிங்கமாய் இருந்தால் இருக்கட்டும், கொப்பி எடுக்கும் வரை தொடாதீர்கள். டிவிடியில் படலம் இரண்டு பிளாஸ்ரிக் தட்டுக்கு நடுவில் இருப்பதால் அந்தப் பயம் குறைவு. கொப்பி எடுத்த பிறகு உறையின் எல்லாப் பக்கத்தையும், தட்டின் இரண்டு பக்கத்தையும், வளையத்தையும் படம் எடுத்து அதே கோப்புறையில் போடுங்கோ. உறையில் பெயர் இல்லாவிட்டால், அதை எழுதிக் குடுத்த கடைக்காரர் இன்னும் ஊரில் இருக்கலாம். போய்க் கேளுங்கோ.

வெள்ளித் தட்டுகளை அலுமாரியில் அடுக்கி அழகு பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அவற்றுக்கு அவசரமில்லை, இன்னும் இருபது வருசம் கழித்தும் அவை ஓடும். இந்தக் கிழமை உங்கட வீட்டு அலுமாரிக்கு மேலே இருக்கிற பெட்டியை இறக்கினால், ஊதாவையும் பச்சையையும் தனியாய்ப் பிரியுங்கோ. அதில் மார்க்கரால் பெயர் எழுதினதைத்தான் முதலில் டிரைவில் போடவேணும்.